ரெசிடுவலுக்கு எச்சமா, விலகலா?

செல்வி:
பாலிடெக்னிக் ஆய்வகக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சோதனையில் சொல் முட்டுகிறது. தொட்டியின் அடிப்பரப்பு 2 சதுர மீட்டர். வெளியேறும் வால்வை மூடிவிட்டு, நிமிடத்துக்கு 20 லிட்டர் வீதம் 10 நிமிடம் நீர் விடுகிறோம். கணக்குப்படி மட்டம் 10 செ.மீ. ஏற வேண்டும், அளந்தால் 7 தான். அந்த −3 தான் ரெசிடுவல். தொட்டி நன்றாக இருக்கும் நாளிலேயே 1 செ.மீ. வரை முன்பின் ஆடும். அதனால் 1.5-ஐத் தாண்டினால் மட்டும் பழுது என்கிறோம். 1.5-க்கு 'வரம்பு' போட்டுவிட்டேன். ரெசிடுவலுக்கு?

சொக்கலிங்கம்:
எச்சம். அஞ்சு–அச்சம், மிஞ்சு–மிச்சம், எஞ்சு–எச்சம். வினையெச்சம் ஒரு வினைமுற்றை வேண்டி நிற்பதுபோல, இதுவும் ஒரு காரணத்தை வேண்டி நிற்கிறது. மிஞ்சும் விஞ்சும் ஒரே வேர்தானா என்பதைத் தனியே எழுதுகிறேன்.

முருகேசன்:
எச்சம் என்றால் பையன்கள் காக்காயை நினைத்துச் சிரிப்பார்கள். எங்கள் வீட்டு மோட்டரில் ஓவர்லோடு ரிலே இந்த வேலையைத்தானே செய்கிறது? 'டிரிப்' என்றே போடுங்களேன்.

இளங்கோ:
இல்லை அண்ணே. ரிலே மின்னோட்டத்தை ஒரே எண்ணோடு ஒப்பிடுகிறது. இங்கே 7 செ.மீ. என்பது தன்னளவில் தப்பான எண்ணே அல்ல. நிமிடத்துக்கு 14 லிட்டர் விட்டிருந்தால் அதுதான் சரி. விட்ட நீரை வைத்துக் கணக்குப் போட்டால்தான் பழுது தெரியும். அதுவும் தொட்டி ஒழுகுகிறதா, விடும் நீரை அளக்கும் ஓட்டமானி கூட்டிக் காட்டுகிறதா என்று இந்த ஒரு எண்ணால் சொல்ல முடியாது.

ஐயா, எஞ்சுவது எப்படி மைனஸ் ஆகும்? 'விலகல்' போதும்.

தர்சினி, யாழ்ப்பாணம்:
எங்களுக்கு விலகல் என்றதும், நீங்கள் திட்ட விலக்கம் என்கிற நியம விலகல்தான் ஞாபகம் வரும். வரம்பை அதை வைத்துத்தானே போடுவார்கள்? அப்போது 'விலகலின் நியம விலகல்' என்று எழுத வேண்டி வரும். எச்சம் பரவாயில்லை.

இளங்கோ:
சரி, சொல் கிடக்கட்டும். செல்வி, கையேட்டில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. ஒழுக்கு நிமிடத்துக்கு அரை லிட்டர் என்றால் 10 நிமிடத்தில் கால் செ.மீ. தான் குறையும். ஒவ்வொரு 10 நிமிடமும் அளந்த மட்டத்திலிருந்து கணக்கைப் புதிதாகத் தொடங்கினால் அது வரம்பை எட்டவே எட்டாது. தொடர்ந்து ஓடவிட்டால் ஒரு மணி நேரத்தில் 1.5-க்கு வந்துவிடும். ஆனால் ஓட்டமானி 1% கூட்டிக் காட்டினாலும், ஒழுக்கே இல்லாமல் இரண்டரை மணி நேரத்தில் அதே 1.5 வரும்.

செல்வி:
அப்படியானால் எதைப் போடுவது?

இளங்கோ:
இரண்டையும் போடுங்கள். தொடர்ந்து ஓடுவதற்கு வரம்பு வேறாக இருக்க வேண்டும். எவ்வளவு என்பது உங்கள் மானியைச் சோதித்தால்தான் தெரியும்.

செல்வி:
மூன்று பேர் எச்சம் என்கிறார்கள், என்னையும் சேர்த்து. அதையே போடுகிறேன். மானியை நாளை வாளி வைத்துச் சோதிக்கிறேன்.

இளங்கோ:
போடுங்கள். மைனஸ் எச்சம் எனக்கு இன்னும் ஒட்டவில்லை.

சொக்கலிங்கம்:
விஞ்சு பற்றி இன்றிரவு எழுதுகிறேன்.