பாட்டில் கணக்கில் 2,909 ரூபாய் எங்கே போனது?

நிலா_காஸ்டிங்: ஜூஸ் பாட்டிலிங் கணக்கு. உள்ளே போனது 10,000 பாட்டில். முழுசாக முடிந்தது 9,000. 500 பாட்டில் பாதியில் நிற்கிறது, மெட்டீரியல் முழுதும், கன்வர்ஷன் 50%. நார்மல் லாஸ் 3%, அதாவது 300. மீதி 200 அப்நார்மல். ஓட்டை பாட்டில் ஒன்று 1 ரூபாய்க்குப் போகும். மெட்டீரியல் செலவு 77,900, கன்வர்ஷன் 28,350. மெட்டீரியலுக்கு 10,000, கன்வர்ஷனுக்கு 9,750 ஈக்விவலண்ட் யூனிட் என்று போட்டேன். பிராசஸ் அக்கவுண்ட் டேலி ஆகவில்லை, 2,909 குறைகிறது. ரெண்டு நாளாகத் தேடுகிறேன்.

செல்வம்: நார்மல் லாஸ் 300-ஐ யூனிட்டில் சேர்க்கக் கூடாது. ரெண்டு லாஸுக்கும் சேர்த்து ஸ்கிராப் 500 ரூபாயை மெட்டீரியலில் கழித்துவிடுங்கள், சரியாகிவிடும்.

பழைய அக்கவுண்டன்ட்: முதல் பாதி சரி, ரெண்டாவது தப்பு செல்வம். கழிக்க வேண்டியது நார்மல் ஸ்கிராப் 300 மட்டும்.

நிலா, நீங்கள் அந்த 300 பாட்டிலுக்கும் 10.70 விலை கொடுத்துவிட்டீர்கள். அது 3,209 ஆகிறது. ஆனால் கணக்கில் அதற்கு வந்தது ஸ்கிராப் 300 தான். வித்தியாசம் உங்கள் 2,909. அந்தச் செலவை நல்ல பாட்டில்கள்தான் சுமக்க வேண்டும்.

இப்போது மெட்டீரியல் 77,600-ஐ 9,700-ஆல் வகுத்தால் 8 ரூபாய். கன்வர்ஷன் 28,350-ஐ 9,450-ஆல் வகுத்தால் 3. முடிந்தவை 99,000, பாதியில் நிற்பவை 4,750, அப்நார்மல் லாஸ் 2,200. மொத்தம் 1,05,950, டேலி. அப்நார்மலின் ஸ்கிராப் 200 அந்த லாஸ் அக்கவுண்டில்தான் வரும். மீதி 2,000 லாப நட்டக் கணக்குக்குப் போகும்.

பிளான்ட்காரன்: எங்கள் லைனில் மூடி போட்டதும் விளக்குத் திரை முன்னால் பாட்டில் ஓடும். தூசியோ, அளவு குறைவோ தெரிந்தால் அங்கேயே எடுத்துவிடுவோம், லேபிள் ஒட்டுவது அதற்கு அப்புறம்தான். எடுத்துப்போட்ட பாட்டிலுக்கு எப்படி 100% கன்வர்ஷன்? இன்னொன்று, எங்களுக்கு கழுவும் மெஷினில்தான் கண்ணாடி அதிகம் உடைகிறது, அதையும் இதில் சேர்ப்பீர்களா?

பழைய அக்கவுண்டன்ட்: நல்ல கேள்வி. திரை 50% கட்டத்தில் இருந்தால் 200-க்குக் கன்வர்ஷன் 100 யூனிட் மட்டும். 9,350 ஆகி, விலை 3.03-க்கு ஏறும். கணக்கில் சொல்லாதபோது முழுசாக எடுத்துக்கொண்டு, அனுமானம் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். கழுவும்போது உடைவது காலி பாட்டில், ஜூஸ் இன்னும் ஏறவில்லை. திரும்ப வரும் பாட்டிலாக இருந்தால் நான் அதைத் தனியாகத்தான் வைப்பேன்.

நிலா_காஸ்டிங்: டேலி ஆகிவிட்டது அண்ணா! ஆனால் அந்த 500-ம் திரையைத் தாண்டவே இல்லை என்றால், நார்மல் லாஸ் செலவில் அதற்கும் பங்கு கொடுக்கலாமா?

செல்வம்: கொடுக்கக் கூடாது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் போன தடவையும் அப்படித்தான் நினைத்தேன்.