பொருள்: மெர்ஜ் கான்ஃப்ளிக்ட் மார்க்கர் – தமிழில் என்ன?

க. எழுதியது:
கிட் கையேடு வெள்ளிக்கிழமை போயாக வேண்டும். மார்க்கருக்கு 'இணைப்பு முரண் குறி' என்று போட்டிருக்கிறேன். ஆட்சேபம் உண்டா?

ந. எழுதியது:
உண்டு. லிங்க், அட்டாச்மென்ட் இரண்டையும் 'இணைப்பு' ஏற்கெனவே சுமக்கிறது. 'முரண்' என்றால் எதிரெதிராக நிற்க வேண்டும், முரண்தொடையைப் பாருங்கள். நன்னூலின் 'மாறுகொளக் கூறல்' ஒருவரே முன்னுக்குப்பின் பேசும் குற்றம். இங்கே இருவர் ஒரே வரியை ஆளுக்கொரு விதமாகத் திருத்தியிருக்கிறார்கள், இருவரும் சரியாகவே இருக்கலாம். சுவடி பதிப்பித்தவர்கள் இதைப் பாடபேதம் என்பார்கள். 'பாடபேதக் குறி' என்று வையுங்கள்.

செ. எழுதியது:
பாடமும் வடசொல், பேதமும் வடசொல்! இலங்கையில் கைத்தொழிற் பிணக்குகள் என்று சட்டமே பேசுகிறது. 'பிணக்குக்குறி' போதும். மேல்பாதி எப்போதும் நம்முடையது, கீழ்ப்பாதி மற்றவருடையது என்றும் ஒரு வரி சேருங்கள்.

இ. எழுதியது:
'எப்போதும்' வேண்டாம். மெர்ஜில் அது சரி. ரீபேஸில் எந்தக் கிளையின் மேல் ஏற்றுகிறோமோ அதுதான் HEAD என்று மேலே நிற்கும், நம் கமிட் கீழே போய்விடும். அங்கே `--ours` கொடுத்தால் தொலைவது நம் வேலை.

ந. சொன்ன பாடபேதத்துக்கு ஒரு சாட்சி. மூலபாடம் தெரியாமல் எதைக் கொள்வது? கீழ்க்கண்ட கட்டளை அதையும் நடுவில் காட்டும். அந்தக் கோப்பில் பாதி தீர்த்து வைத்திருந்தால் அதை அழித்துவிடும் என்பதால் முதலிலேயே கொடுங்கள்.

```
git checkout --conflict=diff3 -- app.conf
```

```
<<<<<<< ours
timeout = 60
||||||| base
timeout = 30
=======
timeout_ms = 30000
>>>>>>> theirs
```

நடுப்பகுதி இல்லாவிட்டால் 60-ஆ 30000-ஆ என்று குழம்புவோம். மூலம் 30 என்று தெரிந்ததும் விளங்குகிறது: ஒருவர் நேரத்தை இரட்டித்தார், மற்றவர் நேரத்தைத் தொடாமல் விநாடியை மில்லிவிநாடியாக்கினார். ஆக, கொள்ள வேண்டிய வரி இரண்டிலும் இல்லை:

```
timeout_ms = 60000
```

வ. எழுதியது:
என் வகுப்பில் குறி வரிகளை மட்டும் அழித்துவிட்டு இரண்டு பாடத்தையும் விட்டுவிடுகிறார்கள். குறியோடே கமிட் செய்பவர்களும் உண்டு. git add தடுக்காதா?

இ. எழுதியது:
தடுக்காது. add செய்தாலே தீர்ந்தது என்று கிட் எடுத்துக்கொள்ளும். கமிட்டுக்கு முன் `git diff --cached --check` கொடுத்தால் மிச்சக் குறி இருக்கும் வரியைச் சொல்லும். தலைப்புக்கு அடிக்கோடாக யாராவது சரியாக ஏழு = போட்டிருந்தால் அதையும் பிடித்துக் கத்தும். இரட்டித்த வரியை மட்டும் கண்டுகொள்ளாது. அதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

செ. எழுதியது:
அப்படியானால் நடுப்பகுதிக்கு 'மூலபாடம்' என்பீர்களோ? 'வேர்வரி' என்றால் என்ன குறை?

க. எழுதியது:
ஒரு சொல்லுக்கே மூன்று நாளாகிவிட்டது. 'முரண்குறி' என்று அனுப்புகிறேன், 'இணைப்பு' போயிற்று. நடுப்பகுதி 'மூலம்'.

ந. எழுதியது:
அனுப்புங்கள். அடுத்த பதிப்பில் பாடபேதத்தோடு வருகிறேன்.