புதுப்பிப்பு: டிக் டிக் என்று அடித்த ஃபிரிட்ஜ்

முன்பு கேட்டது: "ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ். கம்ப்ரஸர் சில நொடி உறுமி, 'டிக்' என்று நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரத்தில் மறுபடி அதே கதை. குளிர்ச்சியே இல்லை."

கேஸ் போயிருக்கும் என்று ஒரு நண்பர் சொன்னார். கேஸ் போனாலும் குளிராதுதான், ஆனால் கம்ப்ரஸர் நிற்காமல் ஓடும். இங்கே அது கிளம்பவே இல்லை.

கம்ப்ரஸரின் மூன்று பின்னையும் அளக்கச் சொன்ன அண்ணன் சொன்னபடி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கம்ப்ரஸரைக் கிளப்பிவிடும் ரிலேயைக் கழற்றினேன். ஆட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம். பிடிசி வில்லை உடைந்திருந்தது. கம்ப்ரஸர் பின்களில் 12, 18, 30 ஓம். முதல் இரண்டையும் கூட்டினால் மூன்றாவது வருகிறது, பாடியோடு தொடர்பு இல்லை. காயில் பிழைத்தது!

கம்ப்ரஸர் மாடலைக் காட்டி ரிலேயும், கரண்ட் மிஞ்சினால் கம்ப்ரஸரை நிறுத்தும் ஓவர்லோடும் ஜோடியாக வாங்கி மாட்டினேன். ஓவர்லோடு பெரிதாக இருந்தால் காயில் கருகும் வரை விழாதாம்.

இப்போது நன்றாகக் குளிர்கிறது. இன்வெர்ட்டர் ஃபிரிட்ஜ் பற்றிக் கேட்ட அக்காவுக்கு: அதில் இந்த ரிலே கிடையாது, போர்டைப் பார்க்க வேண்டும்.

மாலையில் வோல்டேஜ் 170க்கு இறங்கும்போது மட்டும் இன்னும் எப்போதாவது ஒரு 'டிக்'. ஸ்டெபிலைசர் போதுமா, கம்ப்ரஸரே இறுகுகிறதா?