நில எடுப்பு அறிவிக்கைகளை ஓ.சி.ஆர். செய்தவர்களின் அனுபவங்கள்: பத்தி வந்துவிடுகிறது, பரப்பளவில்தான் சிக்கல்

நன்செய்

கால்வாய்ப் பணிக்காக நிலம் எடுக்கப்படும் கிராமங்களில் விவசாயிகளுக்கு மனு எழுதிக் கொடுக்கும் குழுவில் இருக்கிறேன். 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் 11(1) பிரிவின்கீழ் முதல்நிலை அறிவிக்கை வெளியானால், ஆட்சேபணை தெரிவிக்க 60 நாட்கள்தான் உண்டு. அந்த அறிவிக்கையை அரசுத் தளத்தில் ஏற்றும்போது, கையொப்பமும் முத்திரையும் இட்ட தாளை ஸ்கேன் செய்து பி.டி.எஃப். ஆகப் போட்டுவிடுகிறார்கள். அதற்குள் ஒரு புல எண்ணைத் தேடினால் எதுவும் கிடைக்காது, ஏனென்றால் அங்கே இருப்பது எழுத்தின் படம்தான். பல கிராமங்களின் பக்கங்கள் ஒரே கோப்பில் இருக்கும்போது, தம் நிலம் பட்டியலில் உள்ளதா என்று அறிய ஒருவர் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியிருக்கிறது.

ஆகவே படத்திலுள்ள எழுத்தைப் படித்துத் தரும் ஓ.சி.ஆர். மென்பொருளான டெசராக்ட் கொண்டு உரையாக மாற்றத் தொடங்கினோம். உபுண்டுவில் `tesseract-ocr-tam` தொகுப்பை நிறுவிவிட்டு, `tesseract --list-langs` என்று கொடுத்துப் பட்டியலில் `tam` இருப்பதை உறுதி செய்துகொண்டு, கீழ்க்காணும் வரிகளை இயக்குகிறோம்.

```
pdftoppm -r 300 -png arivikkai.pdf pakkam
tesseract pakkam-2.png pakkam-2 -l tam+eng --psm 4
```

முகப்புப் பத்திகள் நன்றாகவே வருகின்றன. சட்டப் பிரிவு, வட்டத்தின் பெயர், கிராமத்தின் பெயர் ஆகியவற்றைத் தேடி எடுக்க முடிகிறது. ஆனால் அட்டவணைப் பகுதியை நம்ப முடியவில்லை. ஐந்து வரிகள் கொண்ட ஒரு சிறிய அட்டவணையில் வந்த புல எண்ணையும் பரப்பளவையும் (ஹெக்டேர், ஏர்ஸ்) அப்படியே தருகிறேன்.

```
112/1A    0.12.50
112/1B    0.08.00
113/2     0.84.50
114/3Al   0.05.50
115       0.21.00
```

நான்காம் வரியில் 1 என்ற இலக்கம் ஆங்கிலச் சிறிய எழுத்தாகிவிட்டது கண்ணுக்குத் தெரிகிறது. தெரியாமல் ஒளிந்திருக்கும் பிழைகளை எப்படிப் பிடிக்கிறீர்கள் என்பதே என் கேள்வி. இந்தப் பட்டியலை நம்பி ஒருவர் ஆட்சேபணை மனு எழுதப் போகிறார் என்பதால், பெரும்பாலும் சரி என்பது எங்களுக்குப் போதாது.

வைகைக்கரை

300 டிபிஐ போதாது என்பது என் அனுபவம். எங்கள் பேரூராட்சியின் ஏல அறிவிப்புகளை 600 டிபிஐயில் படமாக்கியபோது முடிவு கண்கூடாக மேம்பட்டது. தொகுப்போடு வரும் தமிழ்த் தரவு வேகத்துக்காகச் சுருக்கப்பட்டது. அதற்குப் பதிலாக `tessdata_best` களஞ்சியத்திலிருந்து `tam.traineddata` கோப்பை இறக்கிப் பயன்படுத்துங்கள். இவ்விரண்டையும் செய்தால் எண் பிழைகளும் தாமாகவே நீங்கிவிடும்.

ஓலைப்பெட்டி

அச்சகம் நடத்துகிறேன். எனக்கும் இதே தொல்லைதான். ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பு ஒன்றின் பி.டி.எஃப். கோப்பில் எழுத்தைத் தெரிவு செய்ய முடிகிறது, நகலெடுக்கவும் முடிகிறது. ஆனால் ஒட்டினால் தமிழ்நாடு என்பது `jkpo;ehL` என்று வருகிறது. தமிழ்த் தரவை நிறுவியும் இது மாறவில்லை. எந்த அமைப்பை மாற்ற வேண்டும்?

அச்சுக்கோப்பவர்

ஓலைப்பெட்டி அவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் உங்கள் கோப்பு ஸ்கேன் செய்யப்பட்டதே அன்று. அதில் எழுத்துகள் எழுத்துகளாகவே உள்ளன, ஆனால் யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துரு முறையில் உள்ளன. `pdffonts` கட்டளை கொடுத்தால் எழுத்துருவின் பெயர் தெரியும். அதற்குரிய யூனிகோடு மாற்றியில் இட்டால் ஒவ்வோர் எழுத்தும் பிழையின்றி மாறும். அப்படிப்பட்ட கோப்பைப் படமாக்கி ஓ.சி.ஆர். செய்வது, கையில் இருக்கும் சரியான எழுத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு ஊகத்தை வாங்கிக்கொள்வதாகும். எந்த அறிவிக்கையானாலும், `pdftotext` என்ன தருகிறது என்று பார்த்துவிட்டே மேலே செல்ல வேண்டும்.

வைகைக்கரை சொல்வதில் பாதி சரி. படத்தைப் பெரிதாக்கினால் டெசராக்டுக்கு உதவும்தான், ஏனெனில் எழுத்தின் உயரம் மிகக் குறைந்தால் அது தடுமாறும். ஆனால் பெரிதாக்குவதால் ஸ்கேனில் இல்லாத விவரம் வந்துவிடாது. `pdfimages -list arivikkai.pdf` என்று கொடுத்து `x-ppi` நெடுவரிசையைப் பாருங்கள். அங்கே 200 என்றிருந்தால், தாளை ஸ்கேன் செய்தவர் அவ்வளவுதான் பதிந்திருக்கிறார். அதை 400க்கு உயர்த்துவது பயன் தரும், அதற்கு மேல் உயர்த்துவதால் நேரம்தான் செலவாகும். அதே பட்டியலில் `enc` என்ற இடத்தில் `jpeg` என்றிருக்கிறதா, `ccitt` என்றிருக்கிறதா என்பதையும் பாருங்கள். முன்னதில் பொதுவாக வண்ணமோ சாம்பல் நிறமோ இருக்கும். பின்னது வெறும் கறுப்பு வெள்ளை, அதில் நாம் செய்யக்கூடியது மிகக் குறைவு.

இனி நன்செய் அவர்களின் அட்டவணை. பரப்பளவு நெடுவரிசையைக் கூட்டிப் பாருங்கள். நீங்கள் தந்த எண்களின்படி 131.50 ஏர்ஸ், அதாவது 1.31.50 வருகிறது. அறிவிக்கையின் அடியில் மொத்தம் என்று என்ன அச்சிடப்பட்டிருக்கிறது?

நன்செய்

மொத்தம் 0.81.50 என்று அச்சில் உள்ளது. கண்ணால் பார்த்தே சொல்கிறேன், ஓ.சி.ஆர். முடிவை நம்பி அல்ல.

அச்சுக்கோப்பவர்

வேறுபாடு மிகச் சரியாக 50 ஏர்ஸ். பத்துகள் இடத்தில் ஓர் இலக்கம் ஐந்து கூடுதலாகப் படிக்கப்பட்டிருக்கிறது என்று அது சொல்கிறது, அப்படி நேர்வதற்கு மிக இயல்பான வழி 3 என்பது 8 ஆவது. உங்கள் பட்டியலில் பத்துகள் இடத்தில் 8 இருப்பது 113/2 என்ற வரியில் மட்டுமே. அங்கே 0.34.50 என்றிருக்க வேண்டும். அப்போது கூட்டுத்தொகை 0.81.50 என்று பொருந்துகிறது. அந்த இடத்தைப் படத்தில் பெரிதாக்கிப் பாருங்கள், முத்திரை எதுவும் மேலே விழுந்திருக்கிறதா?

நன்செய்

ஆம், ஐயா. ஊதா நிற அலுவலக முத்திரையின் வளைவு அந்த 3இன் இடப்பக்கத்தைத் தொட்டுக்கொண்டு செல்கிறது. படத்தில் அது 3 என்று மனிதக் கண்ணுக்குத் தெளிவாகவே தெரிகிறது. இன்னொன்றையும் சரிபார்த்தேன். `tesseract` கட்டளையின் இறுதியில் `tsv` என்று சேர்த்தால், ஒவ்வொரு சொல்லுக்கும் 100க்கு எவ்வளவு உறுதி என்று `conf` நெடுவரிசையில் வரும். அந்தத் தவறான 0.84.50க்கு 90க்கு மேல் உறுதி காட்டுகிறது. சரியாகப் படிக்கப்பட்ட சில பெயர்களுக்கு அதைவிடக் குறைவாகக் காட்டுகிறது. இந்த மதிப்பெண்ணை வைத்து வடிகட்டியிருந்தால் பிழை தப்பித்திருக்கும்.

அச்சுக்கோப்பவர்

அதற்குக் காரணம் இருக்கிறது. டெசராக்ட் எழுத்தைப் படிக்கும் முன் படத்தின் வண்ணத்தை நீக்கிவிடுகிறது. ஊதா மையும் அந்த நேரத்தில் எழுத்தைப் போலவே அடர்ந்து தெரிய, வளைவு 3ஐ மூடி நல்லதொரு 8 ஆக்கிவிடுகிறது. இயந்திரத்தின் பார்வைக்கு அது உண்மையிலேயே 8தான், ஆகவே அது தயங்குவதில்லை. அதனிடம் படம் போகும் முன்பே மையை நீக்க வேண்டும். உங்கள் ஸ்கேன் வண்ணத்தில் இருப்பதால் இது எளிது: ஊதா மை நீல அலைவரிசையில் வெளிறியும், கறுப்பு எழுத்து அடர்ந்தும் தெரியும். அதை மட்டும் பிரித்து, பரப்பளவு நெடுவரிசையைத் தனியே வெட்டி, இலக்கங்களைத் தவிர வேறெதையும் ஏற்காதே என்று சொல்லிப் படிக்க வையுங்கள்.

```
convert pakkam-2.png -channel B -separate neelam.png
convert neelam.png -crop 420x1900+1830+700 +repage parappu.png
tesseract parappu.png parappu -l eng --psm 6 \
  -c tessedit_char_whitelist=0123456789.
```

வெட்டும் இடத்தின் அளவுகளை உங்கள் பக்கத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். நெடுவரிசையின் இரு பக்கக் கோடுகளும் உள்ளே வராதபடி வெட்டுவது முக்கியம், இல்லையேல் கோடு 1 ஆகப் படிக்கப்படும். இந்த நெடுவரிசைக்குத் தமிழ்த் தரவு தேவையே இல்லை. `tam+eng` என்று இரண்டையும் சேர்த்துக் கொடுக்கும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் இரு மொழிகளும் போட்டியிடுகின்றன, வெறும் எண்களுக்கு அந்தப் போட்டி வீண்.

நன்செய்

செய்து பார்த்தேன். ஐந்து வரிகளும் சரியாக வந்தன, கூட்டுத்தொகையும் பொருந்துகிறது. புல எண் நெடுவரிசையையும் இவ்வாறே வெட்டி, ஏற்கத்தக்க எழுத்துகளில் சாய்கோட்டையும் A, B, C ஆகியவற்றையும் சேர்த்தவுடன் 114/3A1 சரியாகிவிட்டது. ஆனால் புல எண்ணுக்குக் கூட்டுத்தொகை இல்லையே. 113/2 என்பது 118/2 என்று வந்திருந்தால் நான் எப்படி அறிவேன்?

மணியக்காரர் பேரன்

வரிசையைப் பாருங்கள். இத்தகைய அட்டவணையில் புல எண்கள் பெரும்பாலும் ஏறுவரிசையில்தான் இருக்கும்; 112க்கும் 114க்கும் இடையில் 118 வந்தால் தனித்துத் தெரியும். அதன்பின் `eservices.tn.gov.in` தளத்தில் அ-பதிவேட்டைத் திறந்து, அந்தக் கிராமத்தில் அப்படியோர் உட்பிரிவு உண்டா, அதன் முழுப் பரப்பளவு என்ன என்று பாருங்கள். எடுக்கப்படும் பரப்பு உட்பிரிவின் முழுப் பரப்பைவிட மிகுதியாக இருக்கவே முடியாது. எங்கள் ஊரில் ஒரு வரியை அப்படித்தான் பிடித்தோம், அதில் பிழை ஓ.சி.ஆரில் இல்லை, அறிவிக்கையின் தட்டச்சிலேயே இருந்தது. அதையே ஆட்சேபணையில் எழுதிக் கொடுத்தோம்.

வைகைக்கரை

நெடுவரிசையாக வெட்டும் முறை எனக்குப் புதிது, நன்றி. ஆனால் `tessdata_best` குறித்து நான் சொன்னது பெயர்களுக்காவது பொருந்தும் என்றே நினைக்கிறேன். உரிமையாளர் பெயர்களில் கால் வாங்கிய இடமெல்லாம் ரகரமாக வருவது எனக்கு அதில் குறைந்தது. ராமையா என்பது ரரமையா என்று வந்த பக்கம் சரியாக வந்தது. மீதமுள்ளவற்றை ஒரு சொற்பட்டியலோடு ஒப்பிட்டுத் தானாகத் திருத்திவிடலாம்.

அச்சுக்கோப்பவர்

தரவு மாற்றத்தில் எனக்கு மறுப்பில்லை. தானாகத் திருத்துவதைத்தான் ஏற்க மாட்டேன். பத்தியில் வரும் பொதுச் சொற்களுக்கு அது ஏற்கலாம். உரிமையாளர் பெயருக்கும் த/பெ என்று வரும் தந்தை பெயருக்கும் கூடாது. முத்தம்மாள், முத்தம்மா என்று இரு பெண்கள் ஒரே கிராமத்தில் இருப்பார்கள். சொற்பட்டியல் ஒருவரை மற்றவராக மாற்றிவிட்டால் அதற்குத் தடயமே இருக்காது. தவறாக வந்த ரகரம் குறைந்தபட்சம் பிழை என்று கண்ணுக்குத் தெரியும்.

மணியக்காரர் பேரன்

பெயரை விட்டுவிட்டுப் புல எண்ணை மட்டும் தேடத்தக்கதாக்குவது போதாதா? ஆனாலும் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பெயரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள், புல எண் பலருக்கு நினைவில் இருப்பதில்லை.

நன்செய்

எங்களிடமும் அப்படியே. இப்போதைக்குப் பெயர் நெடுவரிசையைத் திருத்தாமல் வந்தபடியே வைத்து, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்திலேயே அந்த வரியின் படத்துண்டையும் இணைத்துவிடுகிறோம். தேடுபவர் படத்தைப் பார்த்துத் தாமே முடிவு செய்யட்டும். `ccitt` என்று காட்டும் கறுப்பு வெள்ளைக் கோப்புகளில் மெய்யெழுத்துகளின் புள்ளியே பல இடங்களில் ஸ்கேனில் பதியவில்லை, அங்கே பெயர்த் தேடல் பெரும்பாலும் தோற்கிறது. அவற்றைத் தட்டச்சு செய்வதைத் தவிர யாராவது வேறு வழி கண்டிருந்தால் எழுதுங்கள்.