பெல்ட் போட்ட புடவை, தோளில் கிழிந்த முந்தானை

ஊதாப்பூ: போன வாரம் மாலை விருந்துக்கு ஜார்ஜெட் புடவை மேல பெல்ட் போட்டேன். முந்தானையைச் சின்ன மடிப்பா எடுத்து, தோளில பின் குத்தி, முன்பக்கம், முதுகுப் பக்கம் ரெண்டையும் பெல்ட்டுக்குள்ள அடக்கிட்டேன். கண்ணாடியில பார்க்க அவ்வளவு அம்சமா இருந்தது. செருப்பு வார் மாட்டக் குனிஞ்சதும் தோளில "சர்ர்"னு ஒரு சத்தம். பின் இருந்த இடத்தில கட்டைவிரல் நுழையுற அளவு கிழிசல். பிடிச்ச புடவை, மனசே ஆறல. உங்களுக்கு இப்படி ஆகியிருக்கா?

மைவிழி: ஜார்ஜெட்டுக்குப் பின் குத்துறதே ஆகாதுங்க. பட்டு கட்டினா கிழியாது.

ஊசிநூல்: நான் மத்தவங்களுக்குப் புடவை கட்டி விடுறவ. இந்தக் கிழிசலை நிறைய பார்த்திருக்கேன். குனியும்போது முதுகு நீளுது. மேல பின் பிடிக்குது, கீழ பெல்ட் பிடிக்குது, நடுவில இருக்கிற துணிக்கு நகர வழியே இல்ல. அதான் பின் ஓட்டையில கிழியுது. பெல்ட் இல்லாம கட்டுறப்போ முந்தானை கூடவே மேல ஏறிக்கும், அதனால தெரியாது.

நான் செய்யறது இதுதான். முதல்ல செருப்பைப் போடச் சொல்லிடுவேன். பெல்ட்டைத் தளர்வா மாட்டி, ரெண்டு கையையும் தூக்கச் சொல்வேன். அப்புறம் நாற்காலியில உட்காந்து ஒரு தடவை குனிஞ்சு எழுந்திருக்கணும். வேணுங்கிற துணியை உடம்பே மேல இழுத்துக்கும். அதுக்கப்புறம்தான் பெல்ட்டை இறுக்குவேன். நிமிர்ந்து நின்னா முதுகில பெல்ட்டுக்கு மேல லேசாத் தொங்கும். அதை இழுத்து நேராக்கிடாதீங்க, அந்தத் தொங்கல்தான் தோளைக் காப்பாத்துது. பின்னையும் மேல் மடிப்பில மட்டும் குத்தாம, எல்லா மடிப்பையும் சேர்த்து ரவிக்கையோட குத்துங்க.

மைவிழி சொன்னது பாதி சரி. புதுப் பட்டு லேசில கிழியாது. ஆனா பெல்ட்டுக்கு அடியில உப்பிக்கும், பக்கிள் முனை சரிகையை இழுத்துடும். பழைய பட்டு மடிப்பு வாக்கிலேயே விட்டுப்போகும்.

தாவணிப்பெண்: எனக்கும் இடுப்புலதான் பிரச்சனை அக்கா. ரவிக்கைக்குப் பதிலா வெள்ளைச் சட்டை போட்டேன். சட்டை நுனியைப் பாவாடைக்குள்ள சொருகினதுல, பெல்ட் போட்டதும் இடுப்பைச் சுத்தி வளையம் மாதிரி தெரியுது.

ஊசிநூல்: அது வேற விஷயம்மா. சட்டை நுனி, பாவாடை முடிச்சு, கொசுவம் மூணும் ஒரே இடத்தில குவிஞ்சிருக்கும். முடிச்சைப் பக்கவாட்டுக்குத் தள்ளு. சட்டையை உள்ள சொருகாம, இடுப்புக்கு மேலயே உள்பக்கமா மடிச்சுத் தையல் ஓட்டிடு. புடவை மூடிக்கும், வெளிய தெரியாது.

மைவிழி: இவ்வளவு பாடு எதுக்கு? குட்டை ஜாக்கெட் போட்டா பெல்ட்டே வேணாம். முந்தானையை ஜாக்கெட்டுக்குள்ள விட்டுட்டா நகராது.

ஊசிநூல்: உள்ள விட்டா நகராதுதான். ஆனா முந்தானையில நல்ல வேலைப்பாடு இருந்தா அவ்வளவும் மறைஞ்சுடுமே. எனக்கு ஜாக்கெட் மேல போடத்தான் பிடிக்கும்.

மைவிழி: மேல போட்டா தோள் தடிமனாத் தெரியுது, எனக்கு ஒத்துவரல.

ஊதாப்பூ: இப்பவே அதே புடவையைக் கட்டி, உட்காந்து குனிஞ்சு பார்த்தேன். முந்தானை விரல் நீளத்துக்கு மேல ஏறிச்சு! கிழிசல் மேல ஜாக்கெட் போட்டு மறைச்சுக்கலாம்னு இருக்கேன். அதனால இந்தப் புடவைக்கு முந்தானை உள்ளதான்.