4 × 4 = 16 என்னைக் கவிழ்த்த கதை

பதிவிட்டவர்: எட்டாம் வகுப்புக்கு அடுக்குகள். இந்த முறை விதி எதையும் நான் எழுதவில்லை. 2¹ = 2 தொடங்கி 2¹⁰ = 1024 வரை பிள்ளைகளையே அட்டவணை போட வைத்தேன். "இதற்குள்ளே ஏதாவது இரண்டு எண்களைப் பெருக்குங்கள், விடையும் இதிலேயே இருக்கிறதா பாருங்கள்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். உதாரணத்துக்கு 4 × 4 = 16 என்று நானே சொல்லித் தொலைத்தேன். அதாவது 2² × 2² = 2⁴. பாதி வகுப்பு "அடுக்கைப் பெருக்கணும் சார்" என்று எழுதிவிட்டது. இரண்டும் இரண்டும் கூட்டினாலும் 4, பெருக்கினாலும் 4 ஆயிற்றே! அப்புறம் 8 × 4 போடச் சொன்னேன். பெருக்கல் கட்சிக்கு 2⁶, அதாவது 64 வரவேண்டும், வந்ததோ 32. அவர்களே அழித்து 3 + 2 = 5 என்று திருத்தினார்கள்.

வேலூர்க்காரர்: நான் அட்டவணையில் கீழிருந்து மேலாகப் போவேன். 16, 8, 4, 2, அடுத்து? முதல் பதில் எப்போதும் 0 தான். "ஒவ்வொரு படியிலும் என்ன செய்தோம்?" என்றால் "பாதியாக்கினோம்". அப்படியானால் 2-இல் பாதி 1, அதுதான் 2⁰. அடுத்தது ½, அதாவது 2⁻¹. உடனே 3-க்கும் போட வைத்துவிடுங்கள்: 27, 9, 3, 1, ⅓. இல்லாவிட்டால் எல்லா எண்ணுக்கும் பாதியாக்கவே செய்வார்கள்.

ஒரு அம்மா: என் மகள் 2³ = 6 என்று எழுதுகிறாள். அதற்கு இந்த அட்டவணை உதவுமா?

வேலூர்க்காரர்: அது வேறு சிக்கல் அம்மா, குறியீட்டையே பெருக்கலாகப் படிக்கிறாள். ஒரு தாளை மூன்று முறை பாதி பாதியாக மடிக்கச் சொல்லி ஒன்றின்மேல் ஒன்றாக எத்தனை தாள் கிடக்கிறது என்று எண்ண விடுங்கள். 8 வரும்.

புதிய ஆசிரியர்: ஆக எந்த எண்ணுக்கும் அடுக்கு 0 என்றால் 1. அவ்வளவுதானே?

யாழ்ப்பாணத்திலிருந்து: அடுக்கை நாங்கள் சுட்டி என்போம். 0-க்கு உங்கள் வழியில் இறங்கிப் பாருங்கள். 0³, 0², 0¹ எல்லாம் 0. அடுத்த படிக்கு இறங்க 0-ஆல் வகுக்கவேண்டும், அது முடியாது. ஆனால் 3⁰, 2⁰, 1⁰ என்று வந்தால் 1 என்று தோன்றும். இன்னொன்று: அட்டவணையில் பொருந்தியதாலேயே விதி ஆகிவிடாது. (2×2×2) × (2×2) என்று விரித்து எழுத வைத்தால்தான் ஏன் கூட்டுகிறோம் என்று தெரியும். 2³ + 2² போட்டுப் பார்க்கவும் சொல்லுங்கள். 12 வரும், அது அட்டவணையிலேயே இல்லை.

பதிவிட்டவர்: விரித்து எழுதுவதை நான் விட்டுவிட்டேன், உண்மை. 0⁰ பற்றி ஒரு பெண் ஏற்கெனவே கேட்டுவிட்டாள். நாளைக்கு இரண்டு வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப்போட்டு, எது சரி என்று அவர்களையே வாதாட விடப்போகிறேன்.