எந்தக் கிழமை?

குழு: வடக்குத் தெரு வீட்டார்

*கவின் (சென்னை), காலை 9:12*
டெங்கு பற்றி இரண்டு நிமிடக் கார்ட்டூனுக்கு வசனம் எழுதிக்கொண்டிருக்கிறேன். படம் ஒன்றுதான், குரல் மட்டும் மூன்று. தமிழ்நாட்டுக்கு ஒன்று, இலங்கைக்கு ஒன்று, மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் சேர்த்து ஒன்று. சென்னை வசனம் இது:

"மொட்டை மாடியில் கிடக்கும் கொட்டாங்குச்சி, டப்பா எல்லாவற்றையும் வாரம் ஒரு தடவை கவிழ்த்து வையுங்க. தண்ணி தேங்கினா கொசு முட்டை போடும்."

உங்கள் ஊரில் இதில் எது இடிக்கும்?

*கமலா அத்தை (கிள்ளான்), 9:15*
ஐயோ கவின், உனக்கா டிங்கி? எத்தனை நாளா காய்ச்சல்? டாக்டரைப் பார்த்தியா?

*கவின், 9:16*
எனக்கு ஒன்றும் இல்லை அத்தை. கார்ட்டூனுக்கு வசனம்.

*கமலா அத்தை, 9:16*
அப்பாடா. நான் பயந்தே போனேன்.

*பெரியப்பா (மதுரை), 9:24*
மூன்று குரல் எதற்கு? காசு தண்டம். வானொலிச் செய்தி மாதிரி நல்ல எழுத்துத் தமிழில் ஒரே ஒரு தடவை பதிவு செய். தமிழ் படித்தவன் எங்கே இருந்தாலும் புரிந்துகொள்வான்.

*சேகர் மாமா (சிங்கப்பூர்), 9:31*
அண்ணன் சொல்வதில் பாதி சரி. கீழே ஓடும் எழுத்துக்கு அது போதும். ஆனால் சமையல்கட்டில் வேலை செய்துகொண்டே கேட்பவரிடம் செய்தி வாசித்தால், யாருக்கோ சொல்வதாக நினைத்து அவர் பாட்டுக்கு வேலையைப் பார்ப்பார். அத்தோடு எழுத்துத் தமிழும் ஒன்று இல்லை. இப்போதுதான் கமலா "டிங்கி" என்று எழுதினாள், கவின் "டெங்கு" என்கிறான், இங்கே நாங்கள் "டெங்கி" என்று எழுதுகிறோம். கவின், படத்துக்குள் எழுத்து ஏதாவது வரைந்திருக்கிறாயா?

*கவின், 9:33*
தொடக்கத்தில் "டெங்கு" என்று ஒரு பலகை வருகிறது மாமா.

*சேகர் மாமா, 9:34*
அதை எடுத்துவிடு. குரலை மாற்றலாம், படத்தில் வரைந்த எழுத்தை மூன்று தடவை வரைய வேண்டும். கொசு படமே போதும்.

*தர்ஷினி அண்ணி (யாழ்ப்பாணம்), 9:40*
தம்பி, இங்க கொசு எண்டு ஒருத்தரும் சொல்லுறேல்ல, நுளம்பு. படங்களில கேட்டுக் கேட்டு கொசு எண்டாலும் எங்களுக்கு விளங்கும். ஆனா நுளம்பு எண்டா உங்க ஆக்களுக்கு விளங்குமோ தெரியேல்ல. கொட்டாங்குச்சி எண்டா என்ன? சிரட்டையோ?

*பெரியப்பா, 9:41*
சிரட்டையேதான். நாங்களும் சிரட்டை என்றுதான் சொல்வோம். கொட்டாங்குச்சி என்பது மெட்ராஸ்காரன் பேச்சு.

*தர்ஷினி அண்ணி, 9:43*
மொட்டை மாடியும் சரிவராது. இங்க கனக்க வீடு ஓட்டுக்கூரை. தண்ணி நிக்கிறது கூரை ஓரத்துப் பீலிக்குள்ள. பிறகு வளவில எறிஞ்ச யோகட் கப், பழைய ரயர்.

*சேகர் மாமா, 9:50*
இங்கே அடுக்குமாடி வீடு. பழைய கட்டடங்களில் சன்னலுக்கு வெளியே துணி காயப்போடும் மூங்கில் கம்பைச் செருக ஒரு குழாய் இருக்கும். கம்பை எடுத்துவிட்டால் மழைத்தண்ணி அதில் நிற்கும். மூடி போட வேண்டும். சொல்லை மாற்றுகிறோம் என்று நினைக்கிறாய், ஆனால் இந்த இடத்தில் மாற வேண்டியது பொருளே. அந்த ஒரு காட்சியை மட்டும் மூன்று விதமாக வரையச் சொல். மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும்.

*கவின், 9:58*
சரி மாமா. இலங்கைக் குரலுக்கு நானே ஒன்று எழுதிப் பார்த்தேன்: "சிரட்டை, பேணி எல்லாத்தையும் கிழமைக்கு ஒருக்கா கவிட்டு வையுங்கோ." இந்தக் "கிழமைக்கு ஒருக்கா" காதுக்கு நன்றாக இருக்கிறது. மூன்றிலும் வைத்துவிடலாமா?

*சேகர் மாமா, 10:01*
வைக்காதே. ஏன் என்று நான் சொல்லவில்லை. கமலா, இதைக் கேட்டு நீ என்ன செய்வாய்?

*கமலா அத்தை, 10:04*
கவிழ்த்து வைக்கிறேன். ஆனா எந்தக் கிழமைன்னு சொல்லலையே. செவ்வாயா வெள்ளியா?

*தர்ஷினி அண்ணி, 10:05*
😂 அத்தை, எங்களுக்குக் கிழமை எண்டா ஏழு நாள். "ரெண்டு கிழமை லீவு" எண்டு சொல்லுவம்.

*சேகர் மாமா, 10:12*
பார்த்தாயா? நுளம்பு என்று கேட்டால் தெரியாதவர் "அது என்ன?" என்று படத்தைப் பார்ப்பார், அதில் கொசு பறக்கும், பிரச்சினை தீர்ந்தது. கிழமை அப்படி இல்லை. எல்லோருக்கும் தெரிந்த சொல், ஆனால் ஆளுக்கு ஒரு பொருள். தப்பாகப் புரிந்துகொண்டோம் என்பதே யாருக்கும் தெரியாது. வசனத்தைத் திருத்தும்போது தெரியாத சொல்லை விட இந்த மாதிரிச் சொல்லைத்தான் நான் முதலில் தேடுவேன். "வாரம்" இலங்கையிலும் புரியும், அதையே வை.

*தர்ஷினி அண்ணி, 10:15*
வருத்தம் எண்டதும் அப்பிடித்தான். எங்களுக்கு நோய், உங்களுக்குக் கவலை. "அம்மா பேசினவா" எண்டா இங்க அம்மா ஏசினவா எண்டு அர்த்தம். கலியாணம் முடிச்ச புதுசில, புறப்பட ஆயத்தம் எண்ட அர்த்தத்தில "வெளிக்கிட்டாச்சு" எண்டு சொல்ல மாமியார் பின்பக்கக் கதவைக் காட்டினவா.

*பெரியப்பா, 10:16*
அவள் பாவம், வெளிக்குப் போவதாக நினைத்துவிட்டாள்.

*கவின், 10:22*
இன்னொரு வரி: "காய்ச்சலுக்கு டாக்டர் சொல்லாமல் மாத்திரை போடாதீங்க." இது பரவாயில்லையா?

*தர்ஷினி அண்ணி, 10:24*
மாத்திரை விளங்கும். நாங்கள் குளிசை எண்டு சொல்லுவம்.

*கமலா அத்தை, 10:25*
பனடோல் போடலாமா கூடாதா? அதைச் சொல்லு. இங்கே காய்ச்சல்னா எல்லாரும் முதல்ல அதைத்தான் போடுவாங்க.

*சேகர் மாமா, 10:33*
நல்ல கேள்வி. டெங்குவில் ஆஸ்பிரினும் இபுபுரூஃபனும் ஆபத்து, ரத்தக்கசிவு கூடும். பாராசிட்டமால் போடலாம், அளவு மீறக்கூடாது. "மாத்திரை போடாதீங்க" என்று பொதுவாகச் சொன்னால், இங்கும் இலங்கையிலும் பனடோலை மருந்துக் கணக்கிலேயே சேர்க்காதவர் அதை இஷ்டத்துக்குப் போடுவார். அதனால் மலேசியா, சிங்கப்பூர் குரலுக்கும் இலங்கைக்கும் "பனடோல்" என்று பேர் சொல்லியே எழுது. சென்னையில் அந்தப் பேர் பழக்கமில்லை, பாராசிட்டமால் என்று வை.

*கவின், 10:41*
கடைசியில் "புரிந்ததா?" என்று ஒரு பத்துப் பேரிடம் போட்டுக் காட்டிக் கேட்கலாம் என்று இருக்கிறேன்.

*சேகர் மாமா, 10:43*
எல்லோரும் தலையாட்டுவார்கள். "இதைப் பார்த்துவிட்டு வீட்டில் போய் என்ன செய்வீங்க?" என்று கேள். கமலாவின் "செவ்வாயா வெள்ளியா" அப்படித்தான் வெளியே வந்தது.

*கமலா அத்தை, 10:44*
நான் பூச்சட்டித் தட்டுல நிக்கிற தண்ணியைக் கீழே ஊற்றிவிட்டுத் தட்டைத் திரும்ப வைப்பேன்.

*சேகர் மாமா, 10:46*
கவின், இதுவும் உன் வசனத்தில் ஓட்டைதான். முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, அடுத்த மழையில் பொரிக்கும். "கவிழ்த்து" என்பதோடு "தேய்த்துக் கழுவி" என்றும் சேர். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும், அதனால்தான் வாரம் ஒருமுறை.

*தர்ஷினி அண்ணி, 10:52*
தம்பி, ஒண்டு கேக்கட்டே? இலங்கைக் குரல் ஆர் குடுக்கினம்? சென்னையில ஆரையாவது பிடிச்சு எல்லாத்துக்கும் "ங்கோ" ஒட்டி யாழ்ப்பாணம் மாதிரிக் கதைக்க வைக்க வேண்டாம். கேக்கச் சிரிப்பா இருக்கும், சொன்ன விசயம் ஒருத்தருக்கும் நினைவில நிக்காது. மலையகத்தில இருக்கிற தமிழாக்கள் கதைக்கிறதும் வேற, உங்கட பக்கத்துக்குக் கிட்ட. மட்டக்களப்பு இன்னொரு விதம்.

*கவின், 10:55*
ஒரு குரலுக்குத்தான் பணம் இருக்கிறது அண்ணி.

*தர்ஷினி அண்ணி, 10:56*
அப்ப ஆரைத் தேர்ந்தெடுப்பியள்?

*கவின், 11:02*
தெரியவில்லை. சேகர் மாமா?

*சேகர் மாமா, 11:20*
யாழ்ப்பாணக்காரர் ஒருவரையே மெதுவாகப் பேச வைத்தால் மலையகத்தில் புரியும். ஒட்டுமா என்பது வேறு விஷயம். அங்கே ஒருவரிடம் போட்டுக் காட்டாமல் நான் சொல்ல மாட்டேன்.

*கமலா அத்தை, 11:47*
பேச்சோட பேச்சா போய் என் பூச்சட்டித் தட்டெல்லாம் தூக்கிப் பார்த்தேன். ஆறு தட்டு இருக்கு, ரெண்டுல புழு நெளியுது. தேய்க்கத் தேங்காய் நார் போதுமா, பிரஷ் வேணுமா?